மாடியில் கடகட... கீழே தூக்கம் போச்சு! சண்டை இல்லாமல் ஒரு கடுதாசி

இரவு மணி 11. கண்ணயரும் நேரம். தலைக்கு மேலே "கடகட... கடகட..." மாடி வீட்டில் கிரைண்டர்! திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கம் மாடிக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு இது தெரிந்த கூத்துதான். ஒரு நாள் என்றால் பொறுக்கலாம். தினமும் என்றால்?

சிலர் ஒட்டடைக் கம்பால் மேலே இடிப்பார்கள். மறுநாள் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் வாய்ச்சண்டை! அதற்கு ஒரு கடுதாசி எவ்வளவோ மேல்.

மேலே தெரியாது!

மேல் வீட்டுக்காரருக்குப் பெரும்பாலும் விஷயமே தெரியாது. கல் சுற்றும் அதிர்வு கிரைண்டரின் கால் வழியாகத் தரைக்கு இறங்கி, கீழ் வீட்டுக் கூரையையே மத்தளமாக்கிவிடுகிறது. ஜன்னலைச் சாத்தியும் பயனில்லை. சத்தம் வரும்போது சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். லேசாக அதிர்ந்தால் இந்தக் கேஸ்தான். இதைத்தான் கடுதாசியில் முதலில் சொல்ல வேண்டும்.

மாவு விற்றுப் பிழைக்கும் மாடி வீட்டு அம்மாளுக்கு இப்படி எழுதலாம்:

"அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். ராத்திரி 11 மணிக்குக் கிரைண்டர் ஓடும்போது, தரை வழியாக அதிர்வு எங்கள் படுக்கையறைக்கு இறங்குகிறது. மேலே உங்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. எங்கள் வீட்டுக்காரருக்குக் காலை 5 மணி டூட்டி. அரைப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. அது உங்கள் பிழைப்பு. கிரைண்டருக்கு அடியில் தடித்த ரப்பர் ஷீட் போட்டு, சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வைத்தால் குறையும். ஷீட்டை நாங்களே வாங்கித் தருகிறோம். 10 மணிக்குள் முடிக்க முடியுமா என்றும் பாருங்கள். எங்கள் வீட்டுச் சத்தம் உங்களுக்கு இடைஞ்சல் என்றால் தயங்காமல் சொல்லுங்கள். இப்படிக்கு, கீழ் வீட்டுத் தங்கை."

சட்டம் இப்போது வேண்டாம்

"எப்பப் பார்த்தாலும்", "உங்களாலதான்" என்ற வார்த்தைகள் இதில் இல்லை, கவனித்தீர்களா? சட்டமும் இல்லை. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல்தான் எல்லை. ஆனால் முதல் கடுதாசியிலேயே அதை எழுதினால் அது வக்கீல் நோட்டீஸ் ஆகிவிடும்!

பெயர் போடாமல் கதவிடுக்கில் செருகுவது அதைவிட மோசம். மொட்டைக் கடுதாசி என்றால் கட்டிடத்தில் உள்ள அத்தனை குடித்தனத்தின் மேலும் சந்தேகம் விழும். மாடிப்படியில் ஒட்டுவதும், வீட்டு ஓனரிடம் கொடுப்பதும் கூடாது. பகலில், ஆத்திரம் அடங்கிய நேரத்தில், கையில் கொடுங்கள்.

ரப்பர் போட்டாலும் சத்தம் முழுக்கப் போகாது. கிரைண்டரின் கால் சமமில்லாமல் ஆடினால் அதை முதலில் சரி செய்ய வேண்டும்.

"நான் வேலை முடிஞ்சு வரவே 9 மணி ஆகுது, அதுக்கு முன்னால எப்படிம்மா அரைக்கிறது?" என்று பதில் வரலாம். அதுவும் நியாயம்தான். அப்போது நேரத்தைப் பிடித்துத் தொங்காதீர்கள். கிரைண்டரை உங்கள் படுக்கையறைக்கு மேலிருந்து எடுத்து, உங்கள் சமையலறைக்கு மேலே வரும் மூலைக்கு மாற்றச் சொல்லுங்கள். கல்லைத் தூக்க வீட்டுக்காரரையும் கூட அனுப்புங்கள்!