ஸ்டேட்டின் மாத்திரை: காலையிலா, இரவிலா?

கொலஸ்ட்ராலின் பெரும்பகுதியை உடலே தயாரித்துக்கொள்கிறது. கல்லீரலில் நடக்கும் இந்தத் தயாரிப்பு நள்ளிரவை ஒட்டி உச்சத்துக்குப் போய், பகலில் தணியும். இதற்குத் தேவையான ஒரு நொதியை ஸ்டேட்டின் மருந்து தடுக்கிறது. ஆகவே, தயாரிப்பு மும்முரமாக இருக்கும் நேரத்தில் போதுமான மருந்து உடலில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இதற்கான பதில் அரை ஆயுளில் இருக்கிறது. இரத்தத்தில் உள்ள மருந்தின் அளவு பாதியாகக் குறைய எடுக்கும் நேரமே அரை ஆயுள். சிம்வாஸ்டேட்டினுக்கு இது சுமார் 2 முதல் 3 மணி நேரம். ரோசுவாஸ்டேட்டினுக்கு ஏறத்தாழ 19 மணி நேரம். இரண்டையும் காலை 8 மணிக்கு விழுங்கியதாக வைத்துக்கொண்டால், இரவு 11 மணிக்குள் 15 மணி நேரம் ஓடியிருக்கும். 3 மணிக்கொரு முறை பாதியாகும் சிம்வாஸ்டேட்டின் அதற்குள் ஐந்து முறை பாதியாகி, முப்பதில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும். ரோசுவாஸ்டேட்டினோ பாதிக்கு மேல் மிச்சமிருக்கும்.

அடோர்வாஸ்டேட்டினின் அரை ஆயுள் சுமார் 14 மணி நேரம். ஆனால் கல்லீரல் அதை மாற்றி உருவாக்கும் பொருள்களும் அதே நொதியைத் தடுப்பதால், தடுக்கும் ஆற்றல் பாதியாகக் குறைய 20 முதல் 30 மணி நேரம் ஆகிறது. அதனால்தான் இந்த இரண்டு மருந்துகளையும் எந்த நேரத்திலும் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.

இது வெறும் கணக்கல்ல. 2003-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஒரு சிறிய ஆய்வில், இரவில் சிம்வாஸ்டேட்டின் எடுத்துவந்தவர்களில் ஒரு பிரிவினர் காலைக்கு மாற்றப்பட்டனர். எட்டு வாரங்களில் அவர்களின் எல்.டி.எல். கொலஸ்ட்ரால் டெசிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் கூடியிருந்தது. பெரிய உயர்வு அல்ல. ஆனாலும் நேரத்தை மாற்றினாலே தவிர்க்கக்கூடிய இழப்பு. லோவாஸ்டேட்டினுக்கு இன்னொரு காரணமும் உண்டு: உணவோடு சேர்த்தால் அது நன்றாக உறிஞ்சப்படுவதால், இரவுச் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்வார்கள்.

அட்டையில் எழுதியிருக்கும் மருந்தின் பெயரைப் பார்த்தாலே எந்த வகை என்று தெரிந்துவிடும். அடோர்வாஸ்டேட்டின், ரோசுவாஸ்டேட்டின் எடுப்பவர்கள் மறக்காமல் இருக்க எந்த வேளை வசதியோ அதையே பிடித்துக்கொள்ளலாம். இரவில் மறந்துவிடுகிற ஒருவர் காலைக் காபிக்குப் பிறகு போட்டுக்கொண்டால், இந்த மருந்துகளில் அவருக்கு இழப்பு எதுவும் இல்லை. நேரத்தைப் பற்றிய கவலையைவிட நாள் தவறுவதே இங்கே பெரிய பிரச்சினை. ஒருநாள் தவறினால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது, எல்.டி.எல். துகள்கள் இரத்தத்தில் இரண்டு மூன்று நாள் தங்குபவை என்பதால், ஒரு வேளை விட்டதில் அளவு சட்டென்று ஏறிவிடாது. சிம்வாஸ்டேட்டினைக் காலையில் எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லி இரவுக்கு மாற்றிக்கொண்டால், பலனை அறிய ஆறு வாரம் கழித்து இரத்தப் பரிசோதனை செய்தால் போதும்.