மூன்று புள்ளி முன்னிலை என்பது எவ்வளவு?

2024 நவம்பர் 2, சனிக்கிழமை. அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு மூன்று நாள்தான் பாக்கி. அயோவா மாநிலத்தின் 'டெமோயின் ரெஜிஸ்டர்' நாளிதழ் தன் கடைசிக் கருத்துக்கணிப்பை வெளியிட்டது. கமலா ஹாரிஸ் 47 சதவீதம், டொனால்ட் டிரம்ப் 44 சதவீதம். அமெரிக்க அரசியல் வட்டாரம் தூக்கிவாரிப் போட்டு எழுந்தது. காரணம், டிரம்ப் 2016-லும் 2020-லும் எட்டுப் புள்ளிகளுக்கு மேல் வித்தியாசத்தில் வென்ற மாநிலம் அது. கணிப்பை நடத்திய ஆன் செல்சரும் லேசுப்பட்டவர் அல்ல. அந்த இரண்டு தேர்தல்களிலும் டிரம்ப் அங்கே 7 புள்ளி முன்னிலையில் இருக்கிறார் என்று கடைசி நேரத்தில் சொல்லி, பலரை முந்தியவர்.

'ஹாரிஸ் முன்னிலை' என்ற செய்தி உலகைச் சுற்றியது. அதே செய்தியில் இன்னும் இரண்டு எண்கள் இருந்தன: கேட்கப்பட்டவர்கள் 808 பேர், பிழை வரம்பு கூட்டியோ குறைத்தோ 3.4 புள்ளி. அவற்றைப் பெரும்பாலோர் தாண்டிப் போய்விட்டார்கள்.

அந்தச் செய்தியை ஒரு தாளில் படமாக வரைந்து பாருங்கள். ஒரு கோட்டில் 40 முதல் 52 வரை குறியுங்கள். ஹாரிஸுக்கு 47-ல் ஒரு புள்ளி வைத்து, இரு பக்கமும் 3.4 நீட்டினால் பட்டை 43.6-ல் தொடங்கி 50.4 வரை போகும். டிரம்பின் பட்டை 40.6 முதல் 47.4 வரை. 43.6-க்கும் 47.4-க்கும் நடுவே இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கின்றன. இருவரும் உண்மையில் 45.5-ல் சமமாக இருந்திருந்தாலும் இப்படி ஒரு கணிப்பு வந்திருக்கலாம். டிரம்ப் 46, ஹாரிஸ் 45 என்று இருந்திருந்தாலும் வந்திருக்கலாம். எது நிஜம் என்று அந்த 808 பேரை வைத்துக்கொண்டு சொல்ல வழியில்லை.

அந்த 3.4 எங்கிருந்து வந்தது? அயோவாவில் அந்தத் தேர்தலில் பதினாறு லட்சத்துக்கும் அதிகமானோர் வாக்களித்தார்கள். ஏறக்குறைய இரண்டாயிரம் பேருக்கு ஒருவரைத்தான் கணிப்பு தொட்டிருக்கிறது. அதே முறையில், அதே நாளில், வேறு 808 பேரைப் பொறுக்கியிருந்தால் விடை கொஞ்சம் மாறியிருக்கும். நூறு முறை இப்படிப் பொறுக்கினால், ஏறத்தாழ 95 முறை ஒருவரது சதவீதம் உண்மை நிலையிலிருந்து 3.4 புள்ளிக்குள் விழும். பிழை வரம்பு சொல்வது இவ்வளவுதான். கணக்கும் எளிது: 808-ன் வர்க்கமூலம் சுமார் 28.4, 98-ஐ அதால் வகுத்தால் 3.4 சொச்சம் வரும். வர்க்கமூலம் நடுவே வருவதால் ஒரு சிக்கலும் கூடவே வருகிறது. வரம்பைப் பாதியாக்க வேண்டுமென்றால் நான்கு மடங்கு ஆட்களிடம் பேச வேண்டும், அதாவது மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம். எந்தப் பத்திரிகை அந்தச் செலவைத் தாங்கும்?

பலரும் சறுக்குவது அடுத்த படியில். 'முன்னிலை 3, பிழை வரம்பு 3.4, மயிரிழையில் தவறிவிட்டது' என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல, வெகுதூரம் தவறிவிட்டது. 3.4 என்பது ஒரு வேட்பாளரின் சதவீதத்துக்கான வரம்பு. இருவருக்கும் இடையிலான இடைவெளிக்கானது அல்ல. தலைக்கணக்காகவே பார்க்கலாம். 808-ல் 47 சதவீதம் என்றால் சுமார் 380 பேர். 44 சதவீதம் என்றால் 356 பேர். வித்தியாசம் 24 பேர். ஹாரிஸ் என்று சொன்னவர்களில் 12 பேருடைய இடத்தில் டிரம்ப் என்று சொல்லும் 12 பேர் தொலைபேசியை எடுத்திருந்தால் ஆளுக்கு 368, சரிசமம். ஓர் ஆள் மாறினால் ஒரு பக்கம் ஒன்று குறைந்து மறுபக்கம் ஒன்று கூடுகிறது. இடைவெளி இரண்டாக நகர்கிறது. அதனால் இடைவெளிக்கான வரம்பும் கிட்டத்தட்ட இரு மடங்கு. இங்கே அது 6.6 புள்ளி. ஹாரிஸின் முன்னிலை 3 என்றால், அவர் 9.6 புள்ளி முன்னால் இருப்பதிலிருந்து 3.6 புள்ளி பின்தங்கியிருப்பது வரை எதுவும் அதற்குள் அடங்கும். ஒரே கணிப்பில் முன்னணியில் உள்ள இருவருடைய பட்டைகளும் உரசாமல் விலகி நின்றால்தான் ஒருவர் கை ஓங்கியிருக்கிறது என்று துணிந்து சொல்லலாம் என்பது இதனால்தான்.

இதையே மறுகோடிக்கு இழுத்து, 'பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்துவிட்டன, ஆகவே இருவரும் சமம்' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் சரியல்ல. பட்டையின் நடுப்பகுதிக்கு வாய்ப்பு அதிகம், ஓரங்களுக்குக் குறைவு. மாதிரிப் பிழையைத் தவிர வேறு பிழையே இல்லை என்று வைத்துக்கொண்டால், 3 புள்ளி முன்னிலை காட்டிய ஹாரிஸ் உண்மையிலேயே முன்னால் இருக்க ஐந்துக்கு நான்கு வாய்ப்பு என்று கணக்கு வரும். அது 95 சதவீத உறுதிக்கு எட்டவில்லை. சாய்வு இருந்தது, தெளிவு இல்லை.

'ஹாரிஸ் பக்கம் காற்று திரும்பிவிட்டது' என்ற பேச்சையும் இதே அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். செப்டம்பரில் அதே செல்சர் கணிப்பில் டிரம்ப் 47, ஹாரிஸ் 43. நவம்பரில் 3 புள்ளி அந்தப் பக்கம். மொத்தம் ஏழு புள்ளிப் பெயர்ச்சி, பார்க்கப் பெரிதாகத்தான் தெரிகிறது. ஆனால் இரண்டு கணிப்புகளின் ஆட்டமும் இதில் சேர்கிறது. அந்தப் பெயர்ச்சிக்கான வரம்பு பத்துப் புள்ளியை ஒட்டி வரும். ஒருவர்கூட மனம் மாறாமலேயே, ஆட்களைப் பொறுக்கிய விதத்தால் மட்டும் ஏழு புள்ளி தோன்றியிருக்க இடமுண்டு. முதியவர்கள் என்ன சொன்னார்கள், பெண்கள் என்ன சொன்னார்கள் என்று பிரித்துப் போடும் அட்டவணைகளின் நிலைமை இன்னும் மோசம். நூற்றைம்பது பேர் கொண்ட ஒரு பிரிவுக்கு வரம்பு எட்டுப் புள்ளி. அதில் ஒருவரின் முன்னிலையைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் பதினாறு.

முடிவு வந்தது. அயோவாவில் டிரம்ப் ஏறத்தாழ 56 சதவீதம், ஹாரிஸ் 42.5. பதின்மூன்று புள்ளி வித்தியாசம். ஹாரிஸின் எண் அவருடைய பட்டையின் கீழ் ஓரத்துக்கும் சற்றுக் கீழே போனது. டிரம்பின் எண்ணோ அவருடைய பட்டையின் மேல் ஓரமான 47.4-ஐ எட்டுப் புள்ளி தாண்டிப் போய் நின்றது. இரு பெயர்களையும் சொல்லாத 9 சதவீதத்தினர் அத்தனை பேரையும் டிரம்ப் கணக்கில் போட்டாலும் 53-தான் வருகிறது.

இதற்கு மாதிரிப் பிழை பொறுப்பாக முடியாது. படத்தில் வரையும் பட்டை, எல்லா வாக்காளர்களிடமிருந்தும் சீட்டுக் குலுக்கியதுபோல ஆட்களை எடுத்தோம், அத்தனை பேரும் பேசினார்கள் என்ற அனுமானத்தில் நிற்பது. நிஜத்தில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் பெரும்பாலோர் எடுப்பதே இல்லை. எடுக்கிறவர்கள் ஒரு கட்சிப் பக்கம் சாய்ந்தவர்களாக இருந்துவிட்டால், 808-ஐ எட்டாயிரம் ஆக்கினாலும் சாய்வு அப்படியே இருக்கும். பட்டை மட்டும் ஒல்லியாகி, தவறான இடத்தில் உறுதியாக நிற்கும். ஆண்ட்ரூ கெல்மன் உள்ளிட்ட புள்ளியியலாளர்கள் பழைய அமெரிக்கத் தேர்தல் கணிப்புகளை ஆயிரக்கணக்கில் எடுத்து, வந்த முடிவுகளோடு ஒப்பிட்டு 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உண்மையான பிழை, அச்சிடப்படும் வரம்பு காட்டுவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு என்றது அது. படத்தில் பட்டைகள் விலகி நின்றால்கூட, மனதுக்குள் இன்னும் கொஞ்சம் அகலப்படுத்திப் பார்ப்பது நல்லது.

செல்சர் தன் கணிப்பை வயது, பாலினம், நாடாளுமன்றத் தொகுதி ஆகியவற்றை வைத்தே சமன்செய்து வந்தார். போன தேர்தலில் யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டு அதையும் கணக்கில் சேர்க்கும் வழக்கம் பல நிறுவனங்களிடம் உண்டு, அவரிடம் இல்லை. அதுதான் காலை வாரியது என்றார்கள் விமர்சகர்கள். தேர்தலுக்குப் பிறகு அவர் தரவுகளையெல்லாம் புரட்டிப் பார்த்து ஒரு மறுஆய்வும் வெளியிட்டார். இவ்வளவு பெரிய பிசகுக்கான காரணம் அதில் அகப்படவில்லை.