தோள் தையலில் ஓட்டை: டைலர் மட்டுமா காரணம்?

பனியன் தொழிலில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த புகார் இது. வாங்கும்போது டி-ஷர்ட் நன்றாகத்தான் இருந்தது. ஒரு தடவை துவைத்ததும் தோள் தையலை ஒட்டி வரிசையாகக் குட்டிக் குட்டி ஓட்டைகள். கடைக்காரர் கம்பெனிக்குத் திருப்பி அனுப்புவார். கம்பெனி வேறு பீஸ் கொடுக்கும், டைலரைத் திட்டும், செக்கிங்கில் கூடுதலாக இரண்டு பேரைப் போடும். அடுத்த ஆர்டரிலும் அதே ஓட்டை வரும்.

திரும்பத் திரும்ப வரும் புகாரின் வேரைப் பிடிக்க ஜப்பானியத் தொழிற்சாலைகள் இரண்டு கருவிகளைத் தந்திருக்கின்றன. ஒன்று, கவோரு இஷிகாவா பரப்பிய மீன்முள் படம். இன்னொன்று, டொயோட்டாவின் 'ஐந்து ஏன்'. இரண்டையும் பயிற்சி வகுப்பில் அரைமணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். சிக்கல், பயன்படுத்தும்போதுதான். பல இடங்களில் நடப்பதைச் சேர்த்து, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நடந்ததாக வைத்துக்கொண்டு பார்ப்போம்.

முதல் வேலை படம் வரைவது இல்லை. திரும்பி வந்த பீஸ்களை மேசையில் பரப்பிப் பிரிப்பதுதான். எந்த நிறம், எந்த லாட், எந்த லைனில் தைத்தது, ஓட்டை எங்கே இருக்கிறது? நம் கம்பெனியில் பிரித்துப் பார்த்தால், எல்லா ஓட்டையும் தையல் கோட்டை ஒட்டியே இருக்கிறது. துணியின் நடுவில் ஒன்றுகூட இல்லை. கறுப்பில் நிறைய, நீலத்தில் கொஞ்சம். ஆக, நூலும் நிட்டிங்கும் பெரும்பாலும் தப்பித்தன. இந்த ஒரு மணி நேர வேலையைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை.

பிறகு படம். வலது பக்கம் மீனின் தலை. அதில் 'தரம் சரியில்லை' என்று எழுதினால் பயனில்லை. 'ஒரு துவைப்புக்குப் பின் தோள் தையலில் ஓட்டை, கறுப்பில் அதிகம்' என்று எழுத வேண்டும். தலையிலிருந்து நீளும் முதுகெலும்பில் ஆறு முட்கள்: ஆள், இயந்திரம், பொருள், முறை, அளவீடு, சூழல். ஒவ்வொன்றிலும் சந்தேகங்களை எழுதுவார்கள். ஊசி மழுங்கியிருக்கலாம், ஊசி தடிமனாக இருக்கலாம், துணி வறண்டிருக்கலாம், மெஷின் வேகம் கூடியிருக்கலாம். மேனேஜர் மட்டும் உட்கார்ந்து வரைந்தால் 'ஆள்' என்ற முள்தான் நீளும். டைலரும் மெக்கானிக்கும் சாயப்பட்டறைக்காரரும் கூட இருந்தால் மற்ற முட்களும் நிறையும். இதில் ஒன்றை மறக்கக் கூடாது. படத்தில் இருப்பவை எல்லாம் சந்தேகங்கள்தான். அதிகப் பேர் கைதூக்கிய காரணமே சரியான காரணம் என்று ஓட்டெடுத்து முடிவுசெய்யும் கம்பெனிகள் உண்டு. அது விசாரணை ஆகாது.

சந்தேகத்தைச் சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. மெஷினில் நூல் கோக்காமல், வெறும் ஊசியாலேயே துணித் துண்டில் தையல் ஓட்ட வேண்டும். பிறகு துணியைக் குறுக்காக இழுத்துப் பார்த்தால் ஊசி இழையை விலக்கிப் போனதா, அறுத்துப் போனதா என்று லென்ஸில் தெரிந்துவிடும். அதே துணி, அதே மெஷின், அதே வேகம். ஊசியை மட்டும் மாற்றி மறுபடி ஓட்டுகிறார்கள். லைனில் இருந்த 90ஆம் நம்பர் ஊசியில் ஓட்டை. பந்துமுனை கொண்ட 70ஆம் நம்பர் ஊசியில் நீலத் துணி சுத்தமாக இருக்கிறது. ஊசி நம்பர் என்பது அதன் தண்டின் விட்டம்: 90 என்றால் 0.9 மில்லிமீட்டர், 70 என்றால் 0.7. மெல்லிய பனியன் துணிக்கு இந்த வித்தியாசம் பெரியது.

இப்போதுதான் 'ஏன்' என்று கேட்கத் தொடங்க வேண்டும். ஏன் ஓட்டை விழுந்தது? ஊசி இழையை அறுத்தது. ஏன் அறுத்தது? மெல்லிய துணிக்குத் தடித்த ஊசி. அது ஏன் மெஷினில் இருந்தது? அதற்கு முந்தைய ஆர்டர் கெட்டியான ஃபிளீஸ் துணி. அதற்குப் போட்ட ஊசி அப்படியே நின்றுவிட்டது. ஏன் மாற்றவில்லை?

இங்கேதான் பலர் 'டைலரின் கவனக்குறைவு' என்று எழுதிக் கோப்பை மூடுவார்கள். டைலரிடமே கேட்டால் வேறு பதில் வருகிறது. "உடைஞ்ச ஊசியோட எல்லாத் துண்டையும் காட்டுனாத்தானுங்க புது ஊசி தருவாங்க. உடையாத ஊசிய எப்படிங்க மாத்துறது?" உடைந்த முனை குழந்தைகள் உடுப்பில் சிக்கிவிடக் கூடாது என்பதற்காகப் போட்ட விதி அது. நல்ல விதிதான். ஆனால் உடையாத, பொருந்தாத ஊசியை மாற்ற அதில் வழியே இல்லை. ஏன் இல்லை? எந்தத் துணிக்கு எந்த ஊசி என்று யாரும் தீர்மானிக்கவில்லை. ஆர்டர் தாளில் நூல் நிறம் இருக்கிறது, அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று இருக்கிறது. ஊசிக்குக் கட்டமே இல்லை. சாம்பிள் தைத்தவர் 70ஆம் நம்பரில்தான் தைத்திருக்கிறார். அந்த விவரம் லைனுக்கு வரவில்லை.

இந்தச் சங்கிலி சரியா என்று பார்க்க, கீழிருந்து மேலாக 'ஆகவே' போட்டுப் படிக்கலாம். தாளில் ஊசிக்குக் கட்டம் இல்லை. ஆகவே ஊசி மாற்றப்படவில்லை. ஆகவே தடித்த ஊசி நின்றது. ஆகவே இழை அறுந்தது. எங்காவது தடுக்கினால் அந்தக் கண்ணி ஊகம் என்று அர்த்தம். ஐந்து என்ற எண்ணுக்கும் மந்திர சக்தி ஏதும் இல்லை. சில நேரம் மூன்றிலேயே மாற்றக்கூடிய ஒன்று கையில் கிடைக்கும், சில நேரம் ஏழு வரை போக வேண்டும்.

இன்னொரு 'ஏன்' வரிசை தனியாகக் கேட்கப்பட வேண்டும்: ஓட்டை ஏன் செக்கிங்கில் சிக்கவில்லை? அறுந்த இழை உடனே பிரிந்து கண்ணில் படுவதில்லை. துவைத்து இழுபடும்போதுதான் ஓட்டை திறக்கிறது. செக்கிங்கோ துவைக்காத பீஸில் நடக்கிறது. இன்னும் பத்துப் பேரை உட்காரவைத்தாலும் இல்லாத ஓட்டையை யார் பார்க்க முடியும்? கூடுதல் ஆட்களுக்குக் கொடுத்த சம்பளம் வீண். ஆர்டர் தொடங்கும்போது ஒவ்வொரு மெஷினிலும் ஒரு துண்டு தைத்து, இழுத்து, துவைத்துப் பார்ப்பதே போதுமானது.

கறுப்புத் துணி மட்டும் இன்னும் அடங்கவில்லை. 70ஆம் நம்பர் ஊசியிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓட்டை. இங்கே 'ஐந்து ஏன்' முறையின் பலவீனம் தெரிகிறது. ஒரே கோட்டில் இறங்கிப் போவதால், ஒரே வேர்தான் இருக்கிறது என்று நம்பவைத்துவிடும். அதனால்தான் மீன்முள் படத்தைக் கிழித்துப் போடக் கூடாது. 'பொருள்' என்ற முள்ளுக்குத் திரும்பினால் 'துணி வறண்டிருக்கலாம்' என்ற வரி காத்திருக்கிறது. அடர்நிறத் துணி நீண்ட சாயவேலையில் முரடாகிவிடுவது உண்டு. சாஃப்ட்னர் போதாவிட்டால் இழைகள் வழுக்கி விலகாமல் ஊசிக்கு முன்னால் இறுகி நிற்கும். அதே கறுப்புத் துணியைக் கூடுதல் சாஃப்ட்னரில் முடித்து வாங்கி, அதே ஊசியில் ஓட்டிப் பார்க்கிறார்கள். ஓட்டை நிற்கிறது. இரண்டாவது வேர் சாயப்பட்டறையில் இருந்திருக்கிறது.

கடைசியில் செய்தவை மூன்று. ஆர்டர் தாளில் ஊசி நம்பருக்கும் முனைக்கும் ஒரு கட்டம். ஆர்டர் மாறும்போது உடையாத பழைய ஊசியைக் கொடுத்துப் புதியது வாங்க ஒரு வழி. அடர்நிறத் துணி பட்டறையிலிருந்து வந்ததும் வெறும் ஊசிச் சோதனை. ஆனாலும் புகார் தீர்ந்தது என்று அன்றே எழுதிவிட முடியாது. அடுத்த ஃபிளீஸ் ஆர்டர் முடிந்து மறுபடி மெல்லிய கறுப்புத் துணி லைனில் ஏறும்போதுதான் உண்மையான சோதனை.

வாங்குபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஓட்டை விழுந்த பனியனைத் திருப்பிக் கொடுக்கும்போது உள்ளே இருக்கும் லேபிளை வெட்டி எறியாதீர்கள். எத்தனையாவது துவைப்பில் ஓட்டை விழுந்தது என்றும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கம்பெனிக்கு விசாரணை தொடங்குவது அங்கிருந்துதான்.