தமிழில் ஒரு கணக்கு கேட்டுப் பார்த்தால்…

மீனாவிடம் 24 கோலிக்குண்டுகள் இருக்கின்றன. கவினிடம் இருப்பதைவிட இது 8 அதிகம். அப்படியானால் கவினிடம் எத்தனை?

மூன்றாம் வகுப்புப் பாடத்தில் இந்த மாதிரிக் கணக்கு கட்டாயம் வரும். ஆங்கிலவழியில் படிக்கும் பிள்ளைக்கு இது ஆங்கிலத்தில் வருகிறது. பிள்ளை 24, 8 என்ற இரண்டு எண்களையும் பார்க்கிறது, நடுவில் ‘மோர்’ என்ற சொல்லையும் பார்க்கிறது. உடனே கூட்டி 32 என்று எழுதிவிடுகிறது. விடை 16. ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்துவிடுகிறார். வீட்டில் நோட்டைப் பார்ப்பவர்கள் “பிள்ளை கணக்கில் வீக்” என்று முடிவு கட்டுகிறார்கள். அடுத்த வாரம் முதல் கூட்டல், கழித்தல் பயிற்சி பக்கம் பக்கமாக நடக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளை 24-ஐயும் 8-ஐயும் சரியாகத்தான் கூட்டியிருக்கிறது. தவறு வேறு எங்கோ நடந்திருக்கிறது.

அது எங்கே என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. டியூஷன் அக்காவிடமோ, பள்ளி ஆசிரியரிடமோ, வீட்டிலிருக்கும் தாத்தாவிடமோ அதே கணக்கைத் தமிழில் எழுதித் தரச் சொல்வதுதான் அது. கேட்கும்போது எதைச் சொல்லிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பலன் கிடைக்கும்.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆன் நியூமன் என்ற கல்வியாளர் 1977-ல் வெளியிட்ட முறை ஒன்று இதற்கு அடிப்படையாக உதவும். வாக்கியக் கணக்கு ஒன்றைப் போடும் பிள்ளை ஐந்து படிகளைத் தாண்டியாக வேண்டும் என்றார் அவர். முதலில் வாசிக்க வேண்டும். அடுத்து, வாசித்ததைப் புரிந்துகொள்ள வேண்டும். மூன்றாவதாக, கூட்டுவதா கழிப்பதா என்று தீர்மானிக்க வேண்டும். பிறகு கணக்கைப் போட வேண்டும். கடைசியாக விடையைக் கேட்ட விதத்தில் எழுத வேண்டும். தவறாகப் போட்ட பிள்ளையை மறுபடி உட்காரவைத்து, “இதை வாசி”, “என்ன கேட்கிறார்கள், உன் வார்த்தையில் சொல்லு”, “எப்படிப் போடப்போகிறாய்?” என்று வரிசையாகக் கேட்டால், எந்தப் படியில் சறுக்கியது என்று தெரிந்துவிடும். பிள்ளைகளின் பிழைகளில் கணிசமான பகுதி முதல் மூன்று படிகளிலேயே நடந்துவிடுகிறது. வீட்டுப் பயிற்சியோ பெரும்பாலும் நான்காவது படிக்கே போகிறது.

தமிழில் கேட்கப்படும் கணக்கு, இரண்டாவது படியையும் மூன்றாவது படியையும் பிரித்துக் காட்டும். வாக்கியம் புரியாமல் தவறியதா, வாக்கியம் புரிந்தும் எந்தக் கணக்கைப் போடுவது என்று தெரியாமல் தவறியதா? பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த மொழியில் கேட்காதவரை இந்த இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

கேட்டவுடன் பலர் செய்வது, ஆங்கில வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்குவது. “மீனா 24 கோலிக்குண்டுகளைக் கொண்டிருக்கிறாள். அவள் கவினைவிட 8 அதிகமானவற்றைக் கொண்டிருக்கிறாள்” என்று வந்து நிற்கும். எந்த வீட்டிலும் இப்படி யாரும் பேசுவதில்லை. ஆங்கிலம் புரியாத பிள்ளைக்கு இந்தத் தமிழும் புரியாது. பாடநூல் தமிழுக்கும் இதே சிக்கல் உண்டு. ‘உள்ளன’, ‘எனில்’, ‘யாவை’ போன்ற சொற்களை, தமிழைப் பேச மட்டுமே பழகிய பிள்ளை கேட்டிருக்காது. ஆகவே முதல் நிபந்தனை, பேசுவதுபோல் எழுதித் தரச் சொல்வது. தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தடுமாறும் பிள்ளை என்றால் வாசித்துக் காட்டவே சொல்லலாம். “மீனாகிட்ட 24 கோலி இருக்கு. கவின்கிட்ட இருக்கறதைவிட இது எட்டு அதிகம். கவின்கிட்ட எத்தனை இருக்கும், சொல்லு கண்ணு?” என்று பாட்டி கேட்டால், வாசிப்பு என்ற முதல் படியே விலகிவிடும்.

இரண்டாவது நிபந்தனை இதைவிட நுட்பமானது. தமிழில் இயல்பாக எழுத முயலும்போது, எழுதுபவர் தம்மை அறியாமலே கணக்கை எளிதாக்கிவிடுவார். “மீனாவிடம் 24 கோலி. அவளைவிடக் கவினிடம் 8 குறைவு. கவினிடம் எத்தனை?” படிக்க அழகாக இருக்கிறது, விடையும் அதே 16. ஆனால் இது வேறு கணக்கு. இதில் ‘குறைவு’ என்று வருகிறது, கழிக்கவும் வேண்டும். சொல்லும் செயலும் ஒரே திசையில் போகின்றன. முதல் கணக்கில் ‘அதிகம்’ என்று வருகிறது, ஆனால் கழிக்க வேண்டும். பிள்ளை சறுக்குவது அங்கேதான்.

அமெரிக்க ஆய்வாளர்கள் ஆன் லூயிஸ், ரிச்சர்ட் மேயர் இருவரும் 1987-ல் வெளியிட்ட ஆய்வு இந்த வேறுபாட்டைத்தான் எடுத்துக்கொண்டது. ஒப்பிடும் சொல்லும் செய்ய வேண்டிய கணக்கும் எதிரெதிராக நிற்கும்போது, கல்லூரி மாணவர்கள்கூட அதிகம் தவறினார்கள். எட்டு வயதுப் பிள்ளை தவறுவதில் வியப்பில்லை. எனவே ‘அதிகம்’ இருந்த இடத்தில் ‘அதிகம்’ இருக்கட்டும், யாரை யாரோடு ஒப்பிட்டிருக்கிறதோ அதுவும் மாறாமல் இருக்கட்டும் என்று சொல்லித்தான் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை சரியாகப் போட்டது தமிழால்தானா, கணக்கு எளிதானதால்தானா என்று தெரியாது.

மூன்றாவதாகக் கவனிக்க வேண்டியது எண்கள். ஆங்கிலவழியில் படிக்கும் பல பிள்ளைகளுக்கு இருபதுக்கு மேல் தமிழ் எண்ணுப்பெயர்கள் தகராறு. எழுபத்தொன்பதையும் எண்பத்தொன்பதையும் மாற்றிவிடுவார்கள். தொண்ணூறு என்றால் அதற்குள் நூறு கேட்கிறது, ஆனால் மதிப்பு 90. தொள்ளாயிரம் என்றால் ஆயிரம் கேட்கிறது, மதிப்பு 900. இந்தக் குழப்பம் கணக்குக்குள் நுழைந்தால் சோதனையே கெட்டுப்போகும். கதையைத் தமிழில் சொல்லி, எண்களை மட்டும் 24, 8 என்று இலக்கத்தில் எழுதிக் காட்டினால் போதும். வாயால் சொல்லும்போது எண்ணை ஆங்கிலத்தில் சொன்னாலும் குற்றமில்லை.

சோதனையைச் செய்யும் முறையும் உண்டு. நேற்று ஆங்கிலத்தில் தவறிய அதே கணக்கை இன்று தமிழில் கொடுத்தால், 32 தவறு என்பது நினைவிருக்கும் பிள்ளை வேறு எதையாவது செய்து 16-ஐப் பிடித்துவிடும். பெயர்களையும் எண்களையும் மாற்ற வேண்டும். அதே வேளை எண்களின் கடினம் மாறக்கூடாது. 24-லிருந்து 8-ஐக் கழிக்கக் கடன் வாங்க வேண்டும். ஆகவே புதிய கணக்கில் 31-ம் 7-ம் வரலாம், 38-ம் 7-ம் வரக்கூடாது. கூட்டல், கழித்தல் இரண்டில் ஒன்றுதான் என்பதால் குருட்டாம்போக்கில் போட்டாலும் சரியாக வர வாய்ப்பு உண்டு. அதனால் இதே அமைப்பில் மூன்று கணக்காவது வேண்டும். ஒன்றில் கோலி, இன்னொன்றில் பூ, மற்றொன்றில் மதிப்பெண் என்று கதை மாறலாம். நடுவே உண்மையிலேயே கூட்ட வேண்டிய கணக்கு ஒன்றையும் செருகிவைத்தால், “எல்லாவற்றையும் கழித்துவிடுவோம்” என்று பிள்ளை முடிவுகட்டியிருந்தால் அதுவும் தெரிந்துவிடும்.

முடிவுகளை இப்படிப் படிக்கலாம். தமிழில் சரி, ஆங்கிலத்தில் தவறு என்றால் கணக்கில் குறையில்லை. ஒப்பீட்டு வாக்கியத்தின் ஆங்கில அமைப்பில்தான் வேலை பாக்கி இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இன்னும் நூறு கூட்டல் கணக்குகள் கொடுத்துப் பயனில்லை. ஆங்கில வாக்கியத்தைக் காட்டி, “யாரிடம் அதிகம்?” என்று மட்டும் கேட்டுப் பழக்கினால் போதும். அது தெரிந்தால் மீதி தானாக வரும்.

இரண்டு மொழியிலும் 32 மாதிரியான விடையே வந்தால், மொழி காரணமில்லை. ‘அதிகம்’ என்றால் கூட்டு, ‘குறைவு’ என்றால் கழி என்று பிள்ளை சூத்திரம் வைத்திருக்கிறது. வகுப்பறைகளிலேயே இந்தச் சூத்திரம் சொல்லித் தரப்படுவதுண்டு. அப்போது தாளில் இரண்டு பட்டைகள் வரையச் சொல்ல வேண்டும். மீனாவின் பட்டை நீளம், கவினின் பட்டை அதைவிடக் குட்டை. நீளமாக இருக்கும் பகுதியில் 8 என்று எழுதி, மீனாவின் முழுப் பட்டையின் மேல் 24 என்று எழுதினால், கவினின் பட்டை எவ்வளவு என்று கண்ணுக்கே தெரியும்.

சில வேளை ஆங்கிலத்தில் சரியாகவும் தமிழில் தவறாகவும் வரும். அதற்குத் தமிழ் வாசிப்போ எண்ணுப்பெயரோ காரணமாக இருக்கும். அந்தக் கணக்கை வாசித்துக் காட்டி, எண்களை இலக்கத்தில் எழுதிக் கொடுத்து மறுபடி கேட்டுப் பார்க்கலாம்.

இதே பொறி வேறு சொற்களிலும் இருக்கிறது. “பஸ்ஸில் கொஞ்சம் பேர் இருந்தாங்க. நிறுத்தத்தில் 7 பேர் இறங்கிட்டாங்க. மிச்சம் 15 பேர். முதல்ல எத்தனை பேர் இருந்தாங்க?” ‘இறங்கிட்டாங்க’, ‘மிச்சம்’ என்ற இரண்டு சொற்களும் கழிக்கச் சொல்கின்றன. விடையோ கூட்டினால் வரும் 22. கதையைக் கண்ணில் ஓட்டிப் பார்க்கும் பிள்ளை சரியாகச் சொல்லும், சொல்லை மட்டும் பிடிக்கும் பிள்ளை 8 என்று சொல்லும். பஸ்ஸில் மிச்சமிருந்த 15 பேரைவிட முதலில் இருந்தவர்கள் குறைவாக இருக்க முடியுமா என்று கேட்டால், பெரும்பாலான பிள்ளைகள் தாங்களே திருத்திக்கொள்வார்கள். பிள்ளை பேசும் மொழியில் கதை நடப்பதால்தான் அந்தக் கேள்வி உடனே பிடிபடுகிறது.

தமிழ்நாட்டு அரசுப் பாடநூல்கள் தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டிலும் வெளியாகின்றன. மாநிலப் பாடத்திட்டத்தில் ஆங்கிலவழியில் படிக்கும் பிள்ளைக்கு, அதே வகுப்பின் தமிழ்வழிக் கணக்குப் புத்தகத்தில் அதே பாடத்தைத் தேடிப் பார்க்கலாம். அங்கே கிடைக்கும் கணக்கை அப்படியே கொடுக்காமல், பேச்சு நடைக்குக் கொண்டுவந்து, ஒப்பீட்டின் திசை மாறாமல் பார்த்துக்கொண்டால் வேலை பாதி முடிந்தது.

தேர்வு எப்படியும் ஆங்கிலத்தில்தான் நடக்கப்போகிறது. அதனால் தமிழில் பிடிபட்ட கணக்கை ஆங்கில வாக்கியத்தோடு மறுபடி சேர்த்துவைக்க வேண்டும். தமிழ்க் கணக்கையும் ஆங்கிலக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ஒப்பிடும் வரியை இரண்டிலும் அடிக்கோடிட்டுக் காட்டலாம். பிறகு தலைகீழாகவும் ஒருமுறை செய்து பார்க்கலாம். 31 − 7 என்று மட்டும் எழுதிக் கொடுத்து, “இதுக்கு ஒரு கதை சொல்லு. ஆனா அதில ‘அதிகம்’ங்கிற வார்த்தை வரணும்” என்று பிள்ளையிடம் கேட்கலாம். “அக்காகிட்ட 31 ஸ்டிக்கர். என்னைவிட 7 அதிகம். என்கிட்ட எத்தனை?” என்று பிள்ளை சொல்லிவிட்டால், அடுத்த நாள் அதே கதையை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லலாம்.