கிளையை மூடினால் எந்தச் செலவு நிற்கும்?

மூன்று ஊர்களில் கடை நடத்தும் ஒரு வீட்டு உபயோகப் பொருள் நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது கிளை மாதம் 1.5 லட்சம் ரூபாய் நஷ்டம் காட்டுகிறது. மூடலாமா என்று இயக்குநர் குழு கேட்கிறது. நிதி மேலாளர் ஒரு குறிப்பு எழுத வேண்டும்.

கிளையின் மாத விற்பனை 40 லட்சம். சரக்கின் கொள்முதல் விலை, டெலிவரி, கார்டு கட்டணம், விற்பனைக் கமிஷன் என விற்றால் மட்டுமே வரும் செலவுகள் 32 லட்சம். மிச்சம் 8 லட்சம்தான் பங்களிப்பு. கிளையின் வாடகை, சம்பளம், மின்கட்டணம் 5.5 லட்சம் போக 2.5 லட்சம் கையில் நிற்கிறது. அப்புறம் நஷ்டம் எங்கிருந்து வந்தது? தலைமை அலுவலகச் செலவில் இந்தக் கிளையின் பங்கு என்று 4 லட்சத்தைக் கணக்குப்பிள்ளை ஏற்றியிருக்கிறார். கடையை மூடினாலும் அந்த 4 லட்சம் போகாது. மற்ற இரண்டு கிளைகளின் தலையில் விழும். அடுத்த வருடம் அவற்றில் ஒன்று நஷ்டக் கிளையாகத் தெரியும்.

ஆகவே மூடக் கூடாது என்று இங்கேயே முடித்துவிடும் குறிப்புகளும் உண்டு. அது அவசரம். மூடிய கடையின் வாடிக்கையாளர்களில் சிலர் பக்கத்து ஊர்க் கிளைக்குப் போவார்கள். எத்தனை பேர் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. பில்லில் உள்ள முகவரிகளைப் புரட்டினால், பக்கத்துக் கிளைக்கும் எட்டும் தூரத்தில் இருப்பவர்கள் தெரிந்துவிடும். கால்வாசி விற்பனை அங்கே நகர்ந்தால் 2 லட்சம் பங்களிப்பு தப்பும். அப்போது மூடுவதால் இழப்பது 6 லட்சம், மிச்சமாவது 5.5 லட்சம். வித்தியாசம் வெறும் 50,000.

கிளையில் முடங்கிய 80 லட்சம் சரக்குக்கு 10 சதவீத வட்டி போட்டால் மாதம் சுமார் 67,000. இந்த வட்டி பெரும்பாலும் தலைமை அலுவலகக் கணக்கிலேயே ஒளிந்திருக்கும், ஆனால் சரக்கை எடுத்துவிட்டால் உண்மையிலேயே நிற்கும் செலவு இது. அதைச் சேர்த்தால் மூடுவதே மாதம் 17,000 ரூபாய் லாபம்!

இத்தனை நெருக்கமான கணக்கில் வாடகை ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. லாக்-இன் இன்னும் 14 மாதம் பாக்கி. காலி செய்தாலும் 2.2 லட்சம் வாடகை கொடுத்தே ஆக வேண்டும். இப்போதே மூடினால் மாதம் 2 லட்சத்துக்கு மேல் கைநஷ்டம். பணியாளர்களுக்கான இழப்பீடு, கிராஜுவிட்டி, சரக்கைத் தள்ளுபடியில் தள்ளும் நஷ்டம் ஆகியவை ஒரு முறைச் செலவு. அவற்றை மாதக் கணக்கில் கலக்காமல் தனியே எழுதுவது நல்லது.

குறிப்பின் பரிந்துரை இப்படி அமையும்: இப்போது மூட வேண்டாம். லாக்-இன் முடிய ஆறு மாதம் இருக்கும்போது கட்டட உரிமையாளரிடம் வாடகையை 1.8 லட்சமாகக் குறைக்கக் கேட்க வேண்டும். அவர் இசைந்தால் கிளை தொடரலாம். மறுத்தால், புதிய சரக்கு அனுப்புவதை அந்த மாதமே குறைக்கத் தொடங்கி, ஒப்பந்தம் முடியும் நாளில் சாவியை ஒப்படைக்கலாம்.