குச்சி துளிர்த்துவிட்டது, வேர்?

பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய மல்லிகைக் குச்சியைத் தொட்டியில் ஊன்றி வைக்கிறோம். பத்துப் பதினைந்து நாளில் கணுவில் பச்சையாக ஒரு துளிர் எட்டிப் பார்க்கிறது. செடி பிடித்துவிட்டது என்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுகிறோம். அடுத்த வாரம் அந்தத் துளிர் தொங்குகிறது, பிறகு கருகுகிறது. பிடுங்கிப் பார்த்தால் அடியில் ஒரு வேர்கூட இல்லை. கைராசி இல்லை என்று பழியைக் கையின்மேல் போட்டுவிடுகிறோம்.

குச்சிக்குள் ஏற்கெனவே சேமிப்பில் இருந்த மாவுச்சத்தைச் செலவழித்து வந்த துளிர் அது. துளிர் விடுவதற்கு வேர் தேவையில்லை, நிலைப்பதற்குத்தான் தேவை. வெட்டிய நொடியிலிருந்து குச்சிக்குத் தண்ணீர் வரத்து ஏறக்குறைய நின்றுபோகிறது. ஆனால் இலைகள் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. செம்பருத்தி வேர்விட நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மல்லிகைக்கு இன்னும் ஒன்றிரண்டு வாரம் கூடலாம். அதுவரை குச்சி காயாமலும் அழுகாமலும் இருக்க வேண்டும். நாம் செய்வதெல்லாம் இதற்காகத்தான்.

செம்பருத்தியை விதையிலிருந்தும் வளர்க்கலாம், தாய்ச்செடியின் அதே பூ வேண்டும் என்றால்தான் குச்சி. குண்டுமல்லிக்கோ அந்த வாய்ப்பே கிடையாது என்று சொல்லிவிடலாம், அது விதை பிடிப்பது மிக அரிது. மதுரை, திண்டுக்கல் பக்கத்து மல்லிகைத் தோட்டங்களுக்கு நாற்று கொடுக்கும் ஊராக ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடம் பெயர் பெற்றது. அந்த மணல் பூமியில் தண்ணீர் தேங்காது. வேர்விட்ட குச்சியைப் பிடுங்கும்போது வேர் அறுவதும் குறைவு. வீட்டுத் தொட்டியிலும் இந்த இரண்டு குணங்கள் இருந்தால் போதும். கழுவிய மணலும் ஊறவைத்துப் பிழிந்த தென்னை நார்க்கழிவும் சம பங்கு போதுமானது. தொழு உரமும் மண்புழு உரமும் இப்போது வேண்டாம். வேரில்லாத குச்சிக்கு அவற்றால் பயன் இல்லை, அடியில் பூஞ்சைக்குத்தான் விருந்து.

பாதித் தோல்வி குச்சியைத் தேர்ந்தெடுக்கும்போதே நடந்துவிடுகிறது. கொழுகொழுவென்று பச்சையாக இருக்கும் நுனிக்கொம்பைத்தான் எல்லோரும் ஆசைப்பட்டு ஒடிக்கிறார்கள். அதில் சேமிப்பு குறைவு. இரண்டு நாளில் துவண்டுவிடும். அடியில் இருக்கும் முற்றிய பழுப்புக் கட்டையில் சேமிப்பு நிறைய இருந்தாலும் மல்லிகையில் அது வேர்விட நாளாகும். இரண்டுக்கும் நடுவில், பச்சை மங்கிப் பழுப்பு ஏறத் தொடங்கிய பகுதிதான் சரியானது. வளைத்துப் பார்த்தால் கொஞ்சம் வளைந்து கொடுத்து, பிறகு முறிய வேண்டும். ஒடியாமல் வளைந்துகொண்டே போனால் இளசு. மல்லிகையில் இது பென்சிலைவிட மெலிதாக இருக்கும், செம்பருத்தியில் பென்சில் கனம். பூத்து முடிந்த கொம்பு நல்லது. மொட்டு இருந்தால் கிள்ளிவிட வேண்டும், குச்சியின் சேமிப்பை முதலில் தின்பது அதுதான்.

வெட்டுவதைக் காலையில், செடி தண்ணீர் குடித்து நிமிர்ந்து நிற்கும்போது செய்ய வேண்டும். நீளம் நான்கைந்து அங்குலம். அதற்குள் மூன்று நான்கு கணுவாவது வேண்டும். அடி வெட்டு கணுவுக்குச் சற்றே கீழே வரட்டும், வேர் பெரும்பாலும் கணுவை ஒட்டித்தான் புறப்படும். கீழ்ப்பாதி இலைகளை எடுத்துவிட்டு மேலே இரண்டு மூன்றை மட்டும் விடலாம். செம்பருத்தி இலை அகலமானது, அதைப் பாதியாக நறுக்கிவிடுவது நல்லது. முழுதாக மொட்டையடிப்பதும் தவறு, வேருக்கு வேண்டிய உணவைச் சமைப்பது அந்த மிச்ச இலைதான்.

இனி வேர் ஊக்கி. செடியின் நுனித் துளிரும் இளம் இலைகளும் ஆக்ஸின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது கீழ்நோக்கி இறங்கி, வெட்டிய அடியில் தேங்கி, அங்குள்ள செல்களை வேராக மாறத் தூண்டுகிறது. 1935-இல் அமெரிக்காவின் பாய்ஸ் தாம்சன் நிறுவன விஞ்ஞானிகள் இண்டோல் பியூட்ரிக் அமிலம் என்ற சேர்மம் இதே வேலையைச் செய்வதைக் கண்டார்கள். சுருக்கமாக ஐ.பி.ஏ. செடிக்குள் இருக்கும் ஆக்ஸினைவிட இது எளிதில் சிதையாது. இன்று விதைக் கடையில் கிடைக்கும் வேர் ஊக்கிப் பொடிகள் பலவற்றில் முகப்பவுடரைப் போன்ற மாவில் கலந்திருப்பது இதுதான். மல்லிகை, செம்பருத்தியின் நடுத்தரக் குச்சிக்கு 0.1 முதல் 0.3 சதவீதம் வரை உள்ள பொடி போதும்.

பொடியைக் கொஞ்சம் காகிதத்தில் கொட்டிக்கொண்டு அதில் தோய்க்க வேண்டும், டப்பாவுக்குள் ஈரக் குச்சியை விட்டால் மீதிப் பொடியும் கெடும். அடியில் அரை அங்குலம் ஒட்டினால் போதும். பிறகு ஒரு தட்டுத் தட்டி அதிகப்படியை உதிர்த்துவிட வேண்டும். அளவு கூடினால் வேர் கூடாது. அடித்தோல் கறுத்து வெடித்துப்போகும். குச்சியை நேராக மண்ணில் குத்தினால் பொடி மேலேயே வழித்துக்கொண்டு நின்றுவிடும். முதலில் வேறொரு கம்பால் குழி போட்டு, அதில் இறக்கி, சுற்றிலும் அழுத்திவிடுவதே முறை.

தேன், கற்றாழை, பட்டைத்தூள் என்று பலரும் பல மருந்து சொல்கிறார்கள். தேனும் பட்டையும் பூஞ்சையை ஓரளவு தடுக்கலாம், வேர் ஹார்மோனின் வேலையை அவை செய்யாது. நாட்டுச் சிவப்புச் செம்பருத்தி எதுவும் தடவாமலே வேர்விடும் ரகம் என்பதால், பெயர் தேனுக்குப் போய்விடுகிறது. மல்லிகையில்தான் பொடியின் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

ஹார்மோன் வேரைச் சீக்கிரம் வரவழைக்கும். அதுவரை இலையைக் காப்பது காற்றின் ஈரம். அடிப்பாகம் நீக்கிய இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொட்டிமேல் கவிழ்த்தால் போதும். உட்புறம் லேசாக முத்து முத்தாகப் பனித்திருந்தால் ஈரம் சரி. நீர் கோடாக வழிந்தால் அதிகம், மூடியைக் கழற்றி அரை மணி நேரம் விட வேண்டும். இடம் வெளிச்சமாக இருக்கட்டும், வெயில் நேராக விழக்கூடாது. மூடிய பாட்டிலின்மேல் ஒரு மணி நேர வெயில் பட்டாலே குச்சி வெந்துவிடும். சித்திரை வைகாசி வெயிலில் மாடியில் வைத்தவை தப்புவது கடினம். ஆடி, ஆவணிவாக்கில், சூடு தணிந்து காற்றில் ஈரம் ஏறியபின் வைத்தால் வேலை பாதியாகும். காற்றுக்குத்தான் இந்த ஈரமெல்லாம். மண் பிழிந்தெடுத்த துணியளவுக்குப் பதமாக இருந்தால் போதும்.

தோற்ற குச்சியைப் பார்த்தே காரணம் சொல்லிவிடலாம். அடியிலிருந்து மேலே கறுத்து, தொட்டால் தோல் வழுக்கினால் தண்ணீர் அதிகம். நுனியிலிருந்து கீழே சுருங்கி உலர்ந்தால் காற்றில் ஈரம் போதவில்லை. இலை உதிர்ந்தும் தண்டு பச்சையாக இருந்தால் அவசரப்பட்டு எறிய வேண்டாம், நகத்தால் சுரண்டி உள்ளே பச்சை தெரிந்தால் விட்டுவைக்கலாம். முதல் மூன்று வாரம் பிடுங்கிப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். அப்போது அடியில் வெள்ளையாகத் திரண்டிருப்பது காயம் ஆறும் தசை, வேர் இல்லை. ஐந்தாம் வாரம் மெல்ல இழுத்துப் பார்த்தால் பிடிமானம் தெரியும். தொட்டியின் அடித்துளையில் வெள்ளை வேர் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

அதன்பிறகும் பாட்டிலை ஒரே நாளில் எடுத்துவிடக்கூடாது. முதலில் மூடி, பிறகு தினம் சில மணி நேரம் பாட்டில், ஒரு வாரம் கழித்து முழுதாக. மண் கலவைக்கு மாற்றி, இரண்டு வாரம் நிழலில் வைத்து, பிறகுதான் வெயில். உரம் அதற்கும் பின்னால்.

நர்சரியில் தட்டளவு பூவோடு மயக்கும் கலப்பினச் செம்பருத்திகளை நம்பி இதில் இறங்குவதற்கு முன் ஒரு வார்த்தை. அவற்றில் பல குச்சியில் வேர்விடவே திணறும். விட்டாலும் வேர் வலுவில்லாமல் செடி சோர்ந்தே நிற்கும். அதனால்தான் அவற்றை வலுவான வேறொரு செம்பருத்தியின் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டி விற்கிறார்கள். வாங்கும்போது தண்டின் அடியில் ஒட்டுத் தழும்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தழும்புக்குக் கீழிருந்து முளைக்கும் கொம்பில் நீங்கள் காசு கொடுத்த பூ வராது, அதை உடனே வெட்டிவிட வேண்டும்.