கல்லின் அளவைக் கேட்காத கணக்கு

சிறுநீரகக் கல்லுக்கு இரண்டு சிகிச்சைகள். ஒன்று, வயிற்றைக் கிழித்துக் கல்லை எடுக்கும் பழைய திறந்த அறுவை. இன்னொன்று, முதுகுப் பக்கம் சிறு துளை போட்டு, குழாய் வழியாகக் கல்லை எடுப்பது. 1986-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் லண்டன் மருத்துவர்கள் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த இரண்டுக்கும் 350 பேர் வீதம் கணக்கு இருக்கிறது. திறந்த அறுவையில் 273 பேருக்கு நல்ல பலன், 78 சதவீதம். துளை வழிச் சிகிச்சையில் 289 பேருக்கு, 83 சதவீதம். இதைப் பார்ப்பவர் துளை வழியைத்தான் கேட்பார்.

இப்போது கல்லின் அளவைக் கேளுங்கள். இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைவான கல் என்றால் திறந்த அறுவையில் 87 பேரில் 81 பேருக்குப் பலன், துளை வழியில் 270 பேரில் 234 பேருக்கு. அதாவது 93-க்கு எதிராக 87 சதவீதம். பெரிய கல் என்றால் திறந்த அறுவையில் 263-ல் 192, துளை வழியில் 80-ல் 55. இங்கே 73-க்கு எதிராக 69. சின்னக் கல்லிலும் திறந்த அறுவை முந்துகிறது, பெரிய கல்லிலும் முந்துகிறது, மொத்தத்தில் மட்டும் தோற்கிறது.

இதில் மாயம் எதுவும் இல்லை. பெரிய கல் எந்தச் சிகிச்சையிலும் படுத்தும். அந்தப் பெரிய கல்காரர்களில் பெரும்பாலோர் திறந்த அறுவைக்குத்தான் போனார்கள்: அங்கே 350-ல் 263 பேர், துளை வழியில் 350-ல் 80 பேர். கடினமான நோயாளிகளைத் தலையில் கட்டிக்கொண்ட சிகிச்சையின் மதிப்பெண் குறைந்துவிட்டது. பள்ளித் தேர்வில் ஒரு பிரிவுக்கு மட்டும் கடினமான வினாத்தாள் கொடுத்துவிட்டு இரண்டு பிரிவின் சராசரியை ஒப்பிட்டால் எப்படி இருக்குமோ, அப்படி.

புள்ளியியல் வகுப்புகளில் இந்தக் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். மாணவர்கள் வாயைப் பிளப்பார்கள், மணி அடித்துவிடும். எனக்கு அதில் ஒரு குறை உண்டு. மொத்தக் கணக்கு தவறு என்று தெரிந்துவிட்டது; சரியான கணக்கு என்ன? சின்னக் கல்லுக்கு ஒரு பதில், பெரிய கல்லுக்கு ஒரு பதில் என்று இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறோம். இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்ல முடியுமா? சேர்ப்பதற்கு முன் அவை ஒத்துப்போகின்றனவா?

ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள். மேல் வரிசை திறந்த அறுவை, கீழ் வரிசை துளை வழி. இடது பக்கம் பலன் கிடைத்தவர்கள், வலது பக்கம் கிடைக்காதவர்கள். சின்னக் கல்லுக்கு மேல் வரிசையில் 81, 6. கீழ் வரிசையில் 234, 36. பக்கத்தில் பெரிய கல்லுக்கு இன்னொரு நாலு கட்டம்: மேலே 192, 71, கீழே 55, 25. கல்லின் அளவுக்கு ஒன்றாகப் போட்ட இந்த அட்டவணைகளை அடுக்குகள் என்பார்கள்.

இந்த வேலையில் சதவீதத்துக்குப் பதிலாக ‘ஆட்ஸ்’ என்பதை வைத்துப் பேசுவார்கள். பலன் கிடைக்காத ஒருவருக்குப் பலன் கிடைத்தவர் எத்தனை பேர் என்பதுதான் அது. சின்னக் கல்லில் திறந்த அறுவைக்கு 81-ஐ 6-ஆல் வகுத்தால் 13.5. துளை வழிக்கு 234-ஐ 36-ஆல் வகுத்தால் 6.5. ஒன்றை மற்றதால் வகுத்தால் 2.08. இதுதான் ஆட்ஸ் விகிதம். 1 வந்தால் இரண்டு சிகிச்சையும் சமம், 1-க்கு மேல் போனால் திறந்த அறுவை மேல். பெரிய கல்லுக்கு இதே கணக்கில் 1.23 வருகிறது. அளவைப் பார்க்காமல் எல்லாரையும் ஒரே அட்டவணையில் கொட்டியபோது வந்தது 0.75. அடுக்குகள் இரண்டும் 1-க்கு மேலே நிற்க, மொத்தம் கீழே விழுந்துவிட்டது.

2.08, 1.23 இரண்டையும் கூட்டி இரண்டால் வகுக்கலாமே என்று தோன்றும். 1.65 வரும். ஆனால் இரண்டு எண்களையும் ஒரே அளவு நம்ப முடியாது. சின்னக் கல் அட்டவணையில் அந்த 6-ஐப் பாருங்கள். மூன்றே பேருக்குக் கூடுதலாகப் பலன் கிடைக்காமல் போயிருந்தால், அதாவது 78-ம் 9-மாக இருந்தால், 2.08 என்பது 1.33 ஆகச் சுருங்கியிருக்கும். மூன்று பேருக்குக் கூடுதலாகப் பலன் கிடைத்து 84-ம் 3-மாக இருந்தால் 4.3 ஆக வீங்கியிருக்கும். 87 பேரில் மூன்று பேர் இப்படி ஆட்டிவைக்கும் எண்ணுக்குப் பாதிப் பங்கு கொடுப்பது நியாயமில்லை.

இதற்கு ஒரு வழியை 1959-ல் நேதன் மேன்டல், வில்லியம் ஹென்ஸல் என்ற இருவர் எழுதினார்கள். இருவரும் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். ஒவ்வொரு அடுக்கிலும் மூலைக்கு மூலை பெருக்கி, அந்த அடுக்கின் மொத்த ஆட்களால் வகுக்க வேண்டும்.

சின்னக் கல்லில் மொத்தம் 357 பேர். ஒரு குறுக்குப் பெருக்கல் 81 × 36. அதை 357-ஆல் வகுத்தால் 8.17. மறு குறுக்கு 6 × 234, வகுத்தால் 3.93. பெரிய கல்லில் மொத்தம் 343 பேர். அங்கே 192 × 25 வகுத்து 13.99, 71 × 55 வகுத்து 11.38. முதல் வகை இரண்டையும் கூட்டினால் 22.16. இரண்டாம் வகை இரண்டையும் கூட்டினால் 15.32. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.45. கல்லின் அளவைச் சரிக்கட்டிய பிறகு நிற்கும் ஆட்ஸ் விகிதம் இதுதான்.

இது ஏன் நியாயமான சேர்க்கை என்பது அந்த இரண்டாம் வகை எண்களில் ஒளிந்திருக்கிறது. 3.93, 11.38 என்ற அவைதாம் எடைகள். சின்னக் கல்லில் ஆட்கள் சற்று அதிகம், 343-க்கு எதிராக 357. ஆனால் அதற்குக் கிடைத்த எடை கால் பங்குதான். முக்கால் பங்கு பெரிய கல்லுக்குப் போகிறது. தலை எண்ணிக்கையை மட்டும் பார்த்து எடை போடவில்லை இந்த முறை. எங்கே இரண்டு சிகிச்சையிலும் போதிய ஆட்களும், வெற்றி தோல்வி இரண்டும் தாராளமாகவும் இருக்கின்றனவோ, அங்கேதான் ஒப்பிடுவதற்குச் செய்தி இருக்கிறது. அந்த அடுக்கின் குரல் உரக்கக் கேட்கிறது. ஒரு கட்டம் பூஜ்யமாக இருந்தால்கூட இந்தக் கணக்கு முறிவதில்லை. அந்த அடுக்கின் தனி விகிதத்தைத்தான் சொல்ல முடியாமல் போகும்.

அடுத்த கேள்வி, சேர்க்கலாமா என்பது. எந்த இரண்டு அடுக்கைக் கொடுத்தாலும் இந்தச் சூத்திரம் ஒரு எண்ணைத் துப்பிவிடும், அர்த்தம் இருக்கிறதா என்று கேட்காது. கற்பனையாக ஒன்று சொல்கிறேன். ஒரு மருந்து ஆண்களில் 100-க்கு 60 பேருக்குப் பலன் தருகிறது, மருந்தில்லாதவர்களில் 40 பேருக்கு. பெண்களில் அப்படியே தலைகீழ்: மருந்துக்கு 40, இல்லாமல் 60. ஆண்களின் விகிதம் 2.25, பெண்களின் விகிதம் 0.44. மேன்டல்-ஹென்ஸல் முறையில் சேர்த்தால் வருவது 26-ஐ 26-ஆல் வகுத்து, அச்சாக 1. மருந்தால் எந்த விளைவும் இல்லையாம்! ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்குக் கேடு என்ற செய்தி முழுவதும் அந்த ஒன்றுக்குள் புதைந்துவிடுகிறது.

ஆகவே ஒத்துப்போகும் சோதனை வேண்டும். அதிகம் புழங்குவது நார்மன் பிரெஸ்லோ, நிக்கலஸ் டே இருவரின் பெயரால் வழங்குவது. 1980-ல் வந்த அவர்களின் புற்றுநோய் ஆய்வு நூலில் இருக்கிறது. அதன் போக்கு இப்படி: இரண்டு அடுக்குக்கும் உண்மையில் ஒரே விகிதம், அது 1.45 என்று வைத்துக்கொள்வோம். வரிசைக் கூட்டலும் பத்திக் கூட்டலும் மாறாமல் இருந்தால் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் இருந்திருக்க வேண்டும்? சின்னக் கல்லில் திறந்த அறுவையால் பலன் பெற்றவர்கள் 79.1 பேர் இருக்க வேண்டும், இருந்தது 81. பெரிய கல்லில் 194.1 இருக்க வேண்டும்; இருந்தது 192. இரண்டிலும் இடைவெளி ஏறக்குறைய இரண்டு பேர். இடைவெளியை வர்க்கமாக்கி, தற்செயலாக எவ்வளவு ஆடும் என்ற அளவால் வகுத்துக் கூட்டினால் 0.97. இரண்டு அடுக்கு இருக்கும்போது இது 3.84-ஐத் தாண்டினால்தான் சந்தேகப்படுவது வழக்கம். 0.97 அளவுக்கான வேறுபாடு, உண்மையில் ஒரே விகிதமாக இருந்தாலும் 100-க்கு 33 தடவை தற்செயலாகவே வரும். என் கற்பனை மருந்துக்கு இதே கணக்கைப் போட்டால் 16 வருகிறது. அங்கே சேர்க்கவே கூடாது, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாகத்தான் சொல்ல வேண்டும்.

சோதனையில் தேறிவிட்டது என்பதால் இரண்டு அடுக்கும் ஒன்றே என்று நிரூபணமாகிவிடவில்லை. இந்தச் சோதனைக்குக் கண்பார்வை மங்கல். பலன் கிடைக்காத அந்த ஆறு பேரை வைத்துக்கொண்டு அது எவ்வளவுதான் பார்க்கும்? அடுக்குகள் சிறியவையாக இருந்தால் பெரிய வேறுபாடுகூடத் தப்பிவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் சோதனை எண்ணை மட்டும் பார்க்காமல் தனி விகிதங்களையும் பக்கத்தில் அச்சிடுவார்கள். இங்கே 2.08, 1.23 இரண்டும் ஒரே திசையில் இருப்பதும், சோதனை மறுக்காததும் சேர்ந்துதான் 1.45 என்று சொல்லத் துணிச்சல் தருகின்றன.

அந்த 1.45-ஐப் படிப்பதிலும் கவனம் வேண்டும். பலன் கிடைக்கும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு என்று எழுதிவிடுவார்கள். இது ஆட்ஸின் விகிதம். நூற்றுக்கு எண்பது பேருக்குப் பலன் கிடைக்கும் இடத்தில் சதவீதங்களுக்கிடையே உள்ள வேறுபாடு மிகச் சிறியது: 93-க்கு 87, 73-க்கு 69. ஒன்றரை மடங்கு எங்கேயும் இல்லை.

கடைசியாக, வகுப்பில் மணி அடித்ததால் விட்டுப்போன விஷயம். 1.45-க்கு 95 சதவீத நம்பக எல்லை போட்டால் அது 0.92-லிருந்து 2.29 வரை நீள்கிறது. உள்ளே 1 இருக்கிறது. கல்லின் அளவு சரிக்கட்டப்பட்டது, ஆனால் அது மட்டும்தான். திறந்த அறுவைக்காரர்கள் 1972 முதல் 1980 வரை சிகிச்சை பெற்றவர்கள், துளை வழிக்காரர்கள் 1980 முதல் 1985 வரை; இடையில் மாறிய மற்ற எதையும் இந்த அட்டவணைகள் சொல்லவில்லை. துளை வழியே மேல் என்று 83 சதவீதத்தைக் காட்டுவது தவறு. அடுக்குகளைப் பிரித்துக் காட்டிவிட்டுத் திறந்த அறுவையே மேல் என்று முடிப்பதற்கும் இந்த 700 பேரின் கணக்கில் ஆதாரம் போதாது.